ஆர்டர் எப்போது வரும்?
கன்சல்டன்டிடம் என்ன கேட்பது? எப்படிக் கேட்பது?

"நீங்கள் செலக்ட் ஆகிவிட்டீர்கள். இரண்டு நாளில் ஆர்டர் வந்துவிடும்."

இப்படி டெலிபோனில் சொல்வார்கள். வீட்டில் பாயசம் வைப்பார்கள். இரண்டு நாள் போகும். பத்து நாள் போகும். ஆர்டர் வராது. போன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கும். எடுக்க ஆள் இல்லை.

ஏஜென்சி மூலம் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர்களில் பலருக்கு இந்த அனுபவம் உண்டு. "ஏமாற்றிவிட்டார்கள்" என்று சிலர் கொதிப்பார்கள். "கிடைத்துவிட்டது" என்று நம்பி, இருக்கிற வேலையையும் விட்டுவிடுவார்கள் சிலர். இரண்டுமே அவசரம். ஆர்டர் எந்த மேஜையில் நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதைக் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது.

சென்னை அம்பத்தூரில் ஒரு வாலிபர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்படிப் பலருக்கு நடப்பதை ஒரே ஆளின் கதையாகச் சொல்கிறேன். அவர் ஒரு சிறிய கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். கைக்கு 22 ஆயிரம் ரூபாய் வருகிறது. வீட்டில் தாயார், மனைவி, ஒரு குழந்தை. கிண்டியில் உள்ள ஒரு பெரிய கம்பெனிக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் கணக்கர் தேவை என்று ஏஜென்சியிலிருந்து அழைப்பு வந்தது. மாதம் 30 ஆயிரம் என்றார்கள். மார்ச் 11-ந் தேதி பேட்டி நடந்தது. 13-ந் தேதி, "செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்று கன்சல்டன்ட் பெண்மணி சொன்னார்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். "சார், இன்றைக்கே உங்கள் ஆபீசில் ராஜினாமா கொடுத்துவிடுங்கள். அவர்கள் சீக்கிரம் ஆள் வேண்டும் என்கிறார்கள்."

யார் கையில் இருக்கிறது வேலை?

இந்த இடத்தில் ஏஜென்சியின் உள் விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வேலை கொடுப்பவர் கன்சல்டன்ட் அல்ல. கிண்டி கம்பெனிதான் ஆள் கேட்கிறது. அதுவும் ஒரே ஏஜென்சியிடம் கேட்பதில்லை. நாலைந்து ஏஜென்சிகளிடம் ஒரே நேரத்தில் கேட்கும். யார் அனுப்பிய ஆள் வேலையில் சேருகிறாரோ, அந்த ஏஜென்சிக்கு மட்டும்தான் வருமானம். ஆளுக்குச் சம்பளம் கொடுப்பதும் ஏஜென்சிதான். அந்தச் சம்பளத்தோடு தன் பங்கையும் சேர்த்து மாதா மாதம் கம்பெனிக்குப் பில் போடும்.

ஆகவே ஆள் சேரும் வரை ஏஜென்சிக்கு ஒரு காசு கிடையாது. நல்ல செய்தி வந்தால் கன்சல்டன்ட் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க மாட்டார். அவரே ஓடி வந்து சொல்வார். அவர் பேசவில்லை என்றால், பெரும்பாலும் அவரிடம் சொல்ல ஒன்றும் இல்லை என்று பொருள். அவரும் கம்பெனியின் பதிலுக்காகக் காத்திருக்கிறார். பத்துப் பன்னிரண்டு வேலைகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கும் அவருக்கு, "ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்வதற்காக ஒவ்வொருவரையும் கூப்பிட நேரம் இல்லை. இது மரியாதைக் குறைவுதான். நான் அவர்களுக்காக வாதாட வரவில்லை. ஆனால் காரணம் இதுதான்.

செலக்ட் ஆன பிறகு நடப்பது

பேட்டி எடுத்த மேனேஜர், "இந்த ஆள் போதும்" என்று சொன்னதும் வேலை முடிந்துவிடுகிறதா? இல்லை. உண்மையான தாமதம் அதற்குப் பிறகுதான்.

மேனேஜரின் கோரிக்கை கணக்குப் பிரிவுக்குப் போகும். இந்த ஆளுக்கு ஆறு மாதத்துக்கு இவ்வளவு பணம் ஒதுக்கலாம் என்று அங்கே சம்மதிக்க வேண்டும். பிறகு கொள்முதல் பிரிவு ஏஜென்சியின் பெயருக்கு ஒரு பர்ச்சேஸ் ஆர்டர் போட வேண்டும். சாமான் வாங்குவதற்குப் போடுவார்களே, அதே மாதிரிக் காகிதம்தான். அது கைக்கு வந்தால்தான் ஏஜென்சி தைரியமாக வேலை உத்தரவு எழுதும். நடுவில் சான்றிதழ், பழைய வேலை விவரம் எல்லாம் சரிபார்ப்பார்கள்.

மார்ச் மாதமாக இருந்தால் இன்னும் ஒரு தொல்லை. மார்ச் 31-ல் கணக்கு வருஷம் முடிகிறது. "புது வருஷ ஒதுக்கீடு வரட்டும்" என்று பல கம்பெனிகள் இந்தக் காகிதங்களை ஏப்ரலுக்குத் தள்ளிவிடும். மேனேஜருக்கு ஆள் வேண்டும். கன்சல்டன்டுக்கு ஆளைச் சேர்க்க வேண்டும். ஆனால் காகிதம் வேறொரு மேஜையில் தூங்கும். சில சமயம் அங்கேயே ரத்தும் ஆகிவிடும்.

இதனால்தான் டெலிபோனில் சொன்ன "செலக்ட்" என்ற வார்த்தையை நம்பி ராஜினாமா கொடுக்கக் கூடாது.

நம் வாலிபர் கொடுக்கவில்லை. "மேடம், எனக்கு 30 நாள் நோட்டீஸ் இருக்கிறது என்று முதலிலேயே சொன்னேன். ஆர்டர் எழுத்தில் வரட்டும். வந்த அன்றைக்கே ராஜினாமா கொடுக்கிறேன். இதைக் கம்பெனியிடமும் சொல்லிவிடுங்கள்" என்றார். அந்த அம்மாளுக்கு இது பிடிக்கவில்லை. ஆள் மனம் மாறி ஓடிவிடக் கூடாதே என்பது அவர் கவலை. அதற்காகத்தான் ராஜினாமா நகலைக் கேட்கிறார்கள். அவர் கவலை நியாயமானதே. ஆனால் ஆர்டர் வராவிட்டால் பட்டினி கிடப்பது அவர் வீடு அல்லவே!

"ஏதாவது தகவல் உண்டா?"

பத்து நாள் ஆயிற்று. வாலிபர் தினம் இரண்டு முறை போன் செய்தார். ஒருமுறைகூட எடுக்கவில்லை. "மேடம், எனி அப்டேட்?" என்று வாட்ஸ்அப்பில் நாலு முறை அனுப்பினார். "வில் லெட் யூ நோ" என்று ஒரு வரி வந்தது.

தப்பு கேள்வியில் இருக்கிறது. "தகவல் உண்டா?" என்று கேட்டால் "இல்லை" என்பதுதான் பதில். அதோடு, அந்தச் செய்தியைப் பார்த்ததும் இவர் யார், எந்த வேலைக்கு வந்தவர் என்று கன்சல்டன்டுக்கு ஞாபகம் வராது. தேடிப் பார்க்க வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவார்.

மார்ச் 24-ந் தேதி வாலிபர் வேறு மாதிரி எழுதினார். தன் பெயர், கணக்கர் வேலை, கம்பெனியின் பெயர், மார்ச் 11 பேட்டி, 13-ந் தேதி செலக்ட் என்று சொன்னது, இவ்வளவையும் இரண்டே வரியில் போட்டார். பிறகு கேட்டார்:

"இப்போது காகிதம் மேனேஜரிடம் இருக்கிறதா, கணக்குப் பிரிவில் இருக்கிறதா, சரிபார்ப்பில் இருக்கிறதா? பர்ச்சேஸ் ஆர்டர் வந்துவிட்டதா? நான் மறுபடி எந்தத் தேதியில் கேட்கலாம்?"

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "பர்ச்சேஸ் ஆர்டர் இன்னும் வரவில்லை, சார். கணக்குப் பிரிவில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரம் ஆகும். 8-ந் தேதி கேளுங்கள்."

இந்தப் பதிலில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள்! வேலை சாகவில்லை. ஆனால் கிடைக்கவும் இல்லை. 8-ந் தேதி வரை போன் செய்து பயன் இல்லை. அதுவரை வேறு இடங்களுக்கும் மனுப் போடலாம்.

காகிதம் எங்கே என்று மூன்று முறை தெளிவாகக் கேட்டும், மூன்று முறையும் "பிராசஸில் இருக்கிறது" என்று மட்டும் சொன்னால், அந்த வேலையை மனதில் அழித்துவிடுவது நல்லது. வந்தால் வரட்டும்.

பொறுமை இழந்து, கிண்டி கம்பெனி மேனேஜருக்கே நேராக போன் செய்யலாமா? வேண்டாம். ஏஜென்சி மூலம் வரும் ஆளிடம் அவர் பெரும்பாலும் பேச மாட்டார். கன்சல்டன்டுக்கும் கோபம் வரும்.

இன்னொரு ஏஜென்சியின் அழைப்பு

ஏப்ரல் 2-ந் தேதி வேறொரு ஏஜென்சியிலிருந்து அழைப்பு. "கிண்டியில் ஒரு கணக்கர் வேலை. மாதம் 32 ஆயிரம். உங்கள் விவரத்தை அனுப்பலாமா?"

வாலிபருக்கு ஆசை வந்தது. ஆனால், "எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். கேட்டதில் பிழைத்தார். அதே கம்பெனி, அதே வேலை!

சரி என்று தலையாட்டியிருந்தால் என்ன ஆகும்? ஒரே ஆளின் பெயர் இரண்டு ஏஜென்சிகளிடமிருந்து கம்பெனிக்குப் போகும். முதலில் அனுப்பியவருக்கே ஆள் சொந்தம் என்று சில கம்பெனிகள் முடிவு செய்யும். "எங்களுக்கு ஏன் இந்த வம்பு?" என்று ஆளையே தள்ளிவிடும் கம்பெனிகளும் உண்டு. ஆகவே கம்பெனியின் பெயரைச் சொல்லாமல் விவரம் கேட்டால் கொடுக்காதீர்கள். எந்த ஏஜென்சி, எந்தக் கம்பெனிக்கு, எந்தத் தேதியில் அனுப்பியது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று யாராவது பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இந்தத் தொழிலில் ஏஜென்சிக்குக் கூலி கொடுப்பது கம்பெனி. வேலை தேடுகிறவர் அல்ல.

ஆர்டர் வந்தது

8-ந் தேதி கேட்டார். "பர்ச்சேஸ் ஆர்டர் வந்துவிட்டது; சரிபார்ப்பு நடக்கிறது" என்று பதில் வந்தது. ஏப்ரல் 17-ந் தேதி இ-மெயிலில் வேலை உத்தரவு வந்தது.

அதைப் பார்த்து வாலிபரின் தாயார் பயந்துவிட்டார். "கிண்டி கம்பெனி பெயர் இல்லையேப்பா! ஏஜென்சி பெயர்தானே இருக்கிறது?" என்றார். அது சரிதான். ஒப்பந்த வேலையில் சம்பளம் கொடுப்பது ஏஜென்சி. ஆகவே உத்தரவும் அதன் பெயரில்தான் வரும். ஆனால் எந்தக் கம்பெனியில் வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, சம்பளம் எவ்வளவு என்பது அதில் இருக்க வேண்டும்.

சம்பளப் பட்டியலை வாலிபர் நன்றாகப் படித்தார். மொத்தம் 30 ஆயிரம். அடிப்படைச் சம்பளம் 15 ஆயிரம். அதில் 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய், அவருடைய வைப்பு நிதிக்குப் பிடிப்பார்கள். முதலாளி கட்ட வேண்டிய 1,800 ரூபாயையும் அந்த 30 ஆயிரத்துக்குள்ளேயே சேர்த்திருந்தார்கள். ஆகக் கைக்கு வருவது 26,400 ரூபாய். தொழில் வரி போனால் இன்னும் கொஞ்சம் குறையும். டெலிபோனில் கேட்ட 30 ஆயிரம் இதுதான்! ஆனாலும் 22 ஆயிரத்தைவிட மேல் என்று மனைவியும் சொன்னார்.

அன்று மாலையே ராஜினாமா கொடுத்தார். மார்ச் 13-ல் கொடுத்திருந்தால், ஏப்ரல் 12-ந் தேதியோடு பழைய வேலை போயிருக்கும். அன்று அவர் கையில் ஆர்டர் இல்லை.

மே 18-ந் தேதி கிண்டியில் சேர்ந்தார். ஒப்பந்தம் நவம்பர் 17 வரை. ஒப்பந்தம் நீடிக்க வேண்டுமானால் அதற்கும் ஒரு புது பர்ச்சேஸ் ஆர்டர் வேண்டும். அதுவும் அதே மேஜைகள் வழியாகத்தான் வர வேண்டும். ஆகவே காலண்டரில் அக்டோபர் 1-ந் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு வைத்திருக்கிறார். அன்றைக்குக் கன்சல்டன்டுக்கு எழுத வேண்டிய கேள்வி: "நவம்பர் 17-க்குப் பிறகு நீட்டிக்கக் கோரிக்கை போட்டுவிட்டார்களா? காகிதம் எங்கே இருக்கிறது?"