பத்து நிமிடப் பயம், ஆறு மாதக் கவலை

1950களின் கடைசியில் நியூயார்க்கின் ஹில்சைடு மருத்துவமனையில் இருந்த நோயாளி ஒருவர் தினமும் பலமுறை செவிலியரிடம் ஓடிவருவார். "நான் செத்துக்கொண்டிருக்கிறேன்" என்பார். யாராவது சற்று நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் அடங்கிவிடும். டொனால்டு க்ளைன் என்ற மனநல மருத்துவர் அவருக்கு அப்போது புதிதாக வந்திருந்த இமிப்ரமைன் மாத்திரையைக் கொடுத்தார்.

சில வாரங்களில் அந்த ஓட்டம் நின்றது. அதைக் கவனித்தவர்கள் செவிலியர்கள்தான். நோயாளியோ, தனக்கு ஒன்றும் குறையவில்லை, பதற்றம் அப்படியே இருக்கிறது என்றார்.

இரு தரப்பும் சொன்னது உண்மை. ஒரே மருந்து திடீர் தாக்குதலை நிறுத்திவிட்டு, நாள் முழுக்க ஓடும் கவலையைத் தொடாமல் விட்டிருந்தது. அப்படியானால் இரண்டும் ஒரே நோயின் கூடுதல் குறைவு அல்ல என்று க்ளைன் வாதிட்டார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இரண்டையும் தனித்தனி நோய்களாகப் பிரித்தது.

பேனிக் அட்டாக் சட்டென்று எழுந்து சில நிமிடங்களில் உச்சத்தைத் தொடும். சோபாவில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வரலாம், தூக்கத்திலிருந்தும் எழுப்பலாம். ஆபத்தைக் கண்டால் தப்பி ஓட உடலில் ஓர் ஏற்பாடு உண்டு. மூளையின் அமிக்டலா எச்சரிக்க, பரிவு நரம்புகள் முடுக்கிவிடப்படும், அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும், வியர்க்கும். எதிரே புலி இல்லாதபோதும் இந்த ஏற்பாடு முழு வேகத்தில் இயங்குவதுதான் பேனிக் அட்டாக்.

மூச்சு வேகமாவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். விரல்களும் உதடும் மரத்துப்போகும். 'காற்றே போதவில்லை' என்று தோன்றி, அவர் இன்னும் வேகமாக மூச்சிழுப்பார். மரத்துப்போன கையைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறும்.

பொதுப் பதற்றக் கோளாறில் இப்படி ஓர் உச்சம் இருக்காது. பணம், பிள்ளையின் படிப்பு, அம்மாவின் உடல்நிலை என்று கவலை ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். ஆறு மாதமாவது, பெரும்பாலான நாட்களில் அது அடக்க முடியாமல் நீடிக்க வேண்டும் என்பது மருத்துவக் கணக்கு. கழுத்தும் தோளும் இறுகியிருக்கும், தூக்கம் கெடும், சிறு சொல்லுக்கும் எரிச்சல் வரும். பலர் இதை முதலில் உடல்வலி என்றே சொல்லி மருத்துவரிடம் போகிறார்கள்.

ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். அடுத்த அட்டாக் எப்போது வருமோ என்ற பயம் தனியாகவும் வளரும். பேருந்தில் ஒருமுறை வந்தால் பேருந்தையே தவிர்ப்பவர்கள் உண்டு.

முதல்முறை நெஞ்சுவலி வந்தால், அது பேனிக்தான் என்று வீட்டில் முடிவுகட்டக் கூடாது. மாரடைப்பிலும் வியர்வையும் மூச்சுத்திணறலும் உண்டு. ஈசிஜியும் தேவையான ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்த பிறகே மருத்துவர் பிரித்துச் சொல்ல முடியும். காகிதப் பையை மூக்கில் வைத்து மூச்சுவிடச் சொல்லும் பழைய வைத்தியமும் இங்கே ஆபத்து: இதயமோ நுரையீரலோ பழுதாகியிருந்தால், கிடைக்கும் கொஞ்ச ஆக்சிஜனையும் அது குறைத்துவிடும்.