பத்துப் பங்கு, ஒன்றரைப் பந்தயம்

2018 செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை. அன்று மதியம் சென்செக்ஸ் ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் சரிந்து, பெரும்பகுதியை மீட்டுக்கொண்டு, மாலையில் 280 புள்ளி இறக்கத்தோடு முடிந்தது. ஒரு சதவீதம்கூட இல்லை. மறுநாள் செய்தித்தாளில் குறியீட்டை மட்டும் பார்த்தவர்களுக்கு அது சாதாரண நாள். ஆனால் வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல். பங்கு அந்த ஒரே நாளில் கிட்டத்தட்ட 42% விழுந்திருந்தது. யெஸ் வங்கி 30 சதவீதத்தை ஒட்டி விழுந்தது. மற்ற வீட்டுக்கடன், நிதி நிறுவனப் பங்குகளும் சேர்ந்தே அடிவாங்கின. நிதித் துறையில் மட்டும் ஐந்தாறு பங்கு வைத்திருந்தவருக்குச் சந்தை விழவில்லை என்பதால் எந்த ஆறுதலும் இல்லை.

யெஸ் வங்கியின் கதை தனி. அதன் தலைமை அதிகாரியின் பதவிக்காலத்தை ரிசர்வ் வங்கி சுருக்கியிருந்தது. டி.எச்.எஃப்.எல்.லுக்கு அந்த வாரம் அப்படி ஒன்றும் நேரவில்லை. கடன் தவணை எதையும் அது தவறவிடவும் இல்லை. பிரச்சினை வேறு இடத்தில் தொடங்கியது. ஏறத்தாழ 91,000 கோடி ரூபாய் கடன் சுமந்த ஐ.எல்.&எஃப்.எஸ். குழுமம் தவணைகளைத் தவறவிட ஆரம்பித்திருந்தது. சில வாரங்களுக்கு முன்புவரை உச்சத் தரமதிப்பீடு பெற்றிருந்த குழுமம் அது. அதன் பத்திரங்களை வாங்கி வைத்திருந்த கடன் ஃபண்டுகள் மிரண்டன. அந்த நேரத்தில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனம் தன்னிடமிருந்த டி.எச்.எஃப்.எல். பத்திரத்தை வழக்கத்தைவிடக் குறைந்த விலைக்கு விற்றது. இவ்வளவு மலிவாக விற்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தை முடிவுகட்டியது.

ஏன் ஒருவர் தவறினால் மற்றவரும் விழ வேண்டும்? வீட்டுக்கடன் நிறுவனங்கள் கொடுக்கும் கடன் 15, 20 ஆண்டுகளில் திரும்பி வரும். ஆனால் அதற்கான பணத்தில் ஒரு பகுதியை அவை சில மாதங்களே ஆயுள் கொண்ட கமர்ஷியல் பேப்பர் மூலம் வாங்கின. தவணை வரும்போதெல்லாம் புதிதாக வாங்கிப் பழையதை அடைப்பார்கள். அந்தப் புதுப் பணத்தைத் தருபவை பெரும்பாலும் அதே கடன் ஃபண்டுகள். ஐந்து வயலுக்கு ஐந்து பெயர் இருந்தாலும் பாசனம் ஒரே கிணற்றில் என்பது போன்ற ஏற்பாடு. நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைத் தனித்தனியாக எவ்வளவு கவனமாகப் படித்திருந்தாலும் இது எளிதில் கண்ணில் படாது. எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார்கள்' என்று கேட்டால்தான் தெரியும்.

இப்படிப் பங்குகள் சேர்ந்து அசைவதைத்தான் புள்ளியியலில் ஒட்டுறவு என்கிறோம். இரண்டு பங்குகள் எப்போதும் ஒரே விகிதத்தில் சேர்ந்தே ஏறி இறங்கினால் ஒட்டுறவு 1. ஒன்றின் போக்குக்கும் மற்றதன் போக்குக்கும் சம்பந்தமே இல்லையென்றால் 0. ஒரே துறையின் பெரிய பங்குகளுக்கு இடையே 0.6, 0.7 என்று வருவதில் வியப்பில்லை.

இதைப் போர்ட்ஃபோலியோவில் வைத்துப் பார்ப்போம். பத்துப் பங்குகள், ஒவ்வொன்றிலும் சம அளவு பணம், ஒவ்வொன்றின் ஆண்டு ஏற்ற இறக்கமும் 30% என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையென்றால் மொத்தப் போர்ட்ஃபோலியோவின் ஏற்ற இறக்கம் 9.5 சதவீதமாகக் குறைந்துவிடும். ஒட்டுறவு 0.3 என்றால் அது 18%. ஒட்டுறவு 0.7 என்றால் 25.6%. அதாவது பத்துப் பங்கு வாங்கியும், ஒற்றைப் பங்கின் 30 சதவீதத்திலிருந்து நாலரைப் புள்ளிதான் குறைந்திருக்கிறது. சம்பந்தமில்லாத எத்தனை பங்குகளுக்கு இது சமம் என்று கணக்குப் போட்டால் விடை 1.4. பத்து பெயர், ஒன்றரைக்கும் குறைவான பந்தயம். அதே துறையில் இன்னும் பத்து சேர்த்தாலும் பெரிதாக மாறாது; 0.7 ஒட்டுறவில் நூறு பங்கு வாங்கினாலும் ஏற்ற இறக்கம் 25 சதவீதத்துக்குக் கீழே இறங்காது.

சொந்தப் பங்குகளுக்கு இதைக் கணக்கிட ஒரு விரிதாள் போதும். இரண்டு ஆண்டுகளின் வார இறுதி விலைகளை எடுத்து, விலையை அப்படியே பயன்படுத்தாமல், ஒவ்வொரு வாரமும் எத்தனை சதவீதம் மாறியது என்று ஒரு நெடுவரிசை போடுங்கள். விலைகளையே ஒப்பிடுவது பலர் செய்யும் தவறு. நீண்டகாலத்தில் ஏறிய எந்த இரண்டு பங்கின் விலையும் ஒட்டி நடப்பதுபோலத் தோன்றும்; அதில் விஷயம் ஒன்றுமில்லை. 104 வார மாற்றங்கள் B, C நெடுவரிசைகளில் இருந்தால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=CORREL(B2:B105,C2:C105)
```

வரும் எண்ணை வேதவாக்காக எடுக்க வேண்டாம். அது அமைதியான வாரங்களையும் பதற்றமான வாரங்களையும் கலந்த சராசரி. சந்தை கடுமையாக விழுந்த வாரங்களை மட்டும் தனியே எடுத்து, உங்கள் பங்குகளில் எத்தனை ஒன்றாக விழுந்தன என்று கண்ணால் பார்ப்பது அதைவிட உபயோகம்.

இனி வரம்பு. ஒரு துறையில் எவ்வளவு போடலாம் என்று கேட்டால் 20%, 25% என்று பலரும் பலவிதமாகச் சொல்வார்கள். எங்கிருந்து அந்த எண் வருகிறது என்று கேட்டால் பதில் வராது. எனக்குத் தெரிந்து நியாயமான வழி பின்னாலிருந்து தொடங்குவது. ஒரு துறை மோசமாக விழுந்தால் எவ்வளவு விழும்? பேங்க் நிஃப்டி 2020 ஜனவரியில் 32,000 புள்ளியை ஒட்டி இருந்து, மார்ச் மாதத்தில் பாதியானது. ஆகவே 50% என்று வைப்போம். ஒரே துறையின் சரிவால் மொத்தப் பணத்தில் எத்தனை சதவீதம் போனால் தாங்குவீர்கள்? 10% என்றால், 10-ஐ 0.5-ஆல் வகுக்க 20 வரும். அதுதான் உங்கள் துறை வரம்பு. 15% போனாலும் தூங்க முடியும் என்பவருக்கு 30%.

பத்து லட்ச ரூபாயைப் பத்துப் பங்குகளில் லட்சம் லட்சமாகப் போட்டு, அதில் ஐந்து நிதித் துறையாக இருப்பவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பங்குக்கும் 10% வரம்பு வைத்திருப்பதால் ஒழுங்காக இருப்பதாகவே அவர் நம்புவார். துறை பாதியானால் இரண்டரை லட்சம் போகும். மீதி ஏழரை லட்சம் மறுபடி பத்தாக 33% ஏற வேண்டும். வரம்பு 20% என்று இருந்திருந்தால் போவது ஒரு லட்சம். மீள 11% ஏறினால் போதும். ஸ்டாப்லாஸ் இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு செப்டம்பர் 21-தான் பதில். விலை நிமிடங்களில் சரியும்போது ஸ்டாப்லாஸ் நீங்கள் குறித்த விலையில் விற்காமல், கிடைக்கிற விலையில் விற்கும். 'ஒரு பங்குக்கு ஒரு சதவீத நஷ்டம்' என்று ஐந்து வங்கிப் பங்குகளில் தனித்தனியே திட்டமிட்டவர், ரிசர்வ் வங்கியின் ஒரே அறிவிப்பில் ஐந்தையும் சேர்த்து இழக்கத் தயாராக இருக்கிறார் என்றுதான் பொருள்.

செபியும் 2019 அக்டோபரில் கடன் ஃபண்டுகளுக்கு இந்தப் பாடத்தையே விதியாக்கியது. ஒரு துறையில் போடக்கூடிய உச்சவரம்பு 25 சதவீதத்திலிருந்து 20 ஆனது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கென்று அதற்கு மேல் தந்திருந்த கூடுதல் சலுகை 15 சதவீதத்திலிருந்து 10-க்கு இறங்கியது. எந்தத் துறை அடிவாங்கியதோ அதற்குத்தான் முன்பு தாராளம் காட்டியிருந்தார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

தனிநபருக்கு வரம்பைக் கணக்கிடுவதைவிட, துறை எதுவென்று எண்ணுவதுதான் கடினம். முதலில், நிஃப்டி 50 குறியீட்டிலேயே நிதித் துறையின் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பணத்தில் பாதியை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் வைத்திருப்பவருக்கு, ஒரு வங்கிப் பங்கும் வாங்காமலே 17 சதவீதத்துக்கு மேல் நிதித் துறைதான். கூடவே ஒரு ஃபிளெக்ஸி கேப் ஃபண்ட் இருந்தால் அதன் முதல் பத்துப் பங்குகளைத் திறந்து பாருங்கள். அதே வங்கிகள் மீண்டும் வரிசையில் நிற்கும். ஃபண்டுக்குள் இருப்பதையும் சேர்க்காமல் போடும் வரம்பு காகிதத்தில் மட்டுமே இருக்கும்.

அடுத்து, பட்டியலில் எழுதியிருக்கும் துறைப் பெயர் பல சமயம் ஏமாற்றும். சென்னையின் அசோக் லேலண்ட் வாகனத் துறை. சோழமண்டலம் ஃபைனான்ஸ், சுந்தரம் ஃபைனான்ஸ் இரண்டும் நிதித் துறை. எம்.ஆர்.எஃப். வாகன உதிரிபாகம். மூன்று துறை, நான்கு பங்கு, வரம்பு எங்கும் மீறப்படவில்லை. ஆனால் லாரி வியாபாரம் படுத்தால், லாரி செய்பவர், அதற்குக் கடன் கொடுப்பவர், டயர் விற்பவர் எல்லோருக்கும் ஏதோவொரு அளவில் வலிக்கும். 'என்ன நடந்தால் இவை அத்தனையும் ஒன்றாக விழும்' என்ற கேள்விக்கு ஒரே விடை வரும் பங்குகளை ஒரே துறையாக எண்ணுவதே சரி.

சம்பளத்தையும் இதில் சேர்க்க வேண்டும் என்பேன். 2022-இல் நிஃப்டி 4% ஏறிய ஆண்டில் நிஃப்டி ஐ.டி. குறியீடு கால்பங்குக்கு மேல் விழுந்தது. ஐ.டி. நிறுவனத்தில் வேலை, அந்த நிறுவனம் தந்த பங்குகள், போதாததற்குத் 'தெரிந்த துறை' என்று சொந்தப் பணத்தில் இன்னும் மூன்று ஐ.டி. பங்குகள் என்று வைத்திருப்பவருக்கு வரம்பு 20% அல்ல, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

வரம்பு வைத்த பிறகும் அது தானாக மீறப்படும், அதுவும் நல்ல காரணத்துக்காக. இரண்டு லட்சம் போட்ட துறை மூன்று லட்சமாகி, மற்ற எட்டு லட்சம் அப்படியே இருந்தால் பங்கு 27% ஆகிவிடும். 20-க்கு இறக்க 80,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். லாபத்துக்கு வரி உண்டு. அல்லது விற்காமல், வேறு துறைகளில் நான்கு லட்சம் புதுப் பணம் போட வேண்டும். நடைமுறையில் இரண்டு கோடு வைத்துக்கொள்வது நல்லது. 20% தாண்டியதும் அந்தத் துறையில் புதுப் பணம் நிற்கும், எஸ்.ஐ.பி. வேறு பக்கம் திரும்பும். 25% தாண்டினால் விற்பனை. ஏறுகிற குதிரையை ஏன் விற்க வேண்டும் என்று மனசு கேட்கும். கோட்டை முன்கூட்டியே எழுதி வைப்பது அதற்காகத்தான்.

துறை வரம்பு எதைக் காக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் 13% விழுந்தது. வங்கி, வாகனம், உலோகம், ஐ.டி. எல்லாமே சிவப்பு. அப்படிப்பட்ட நாளில் துறைகளுக்கு இடையிலான ஒட்டுறவும் 1-ஐ நோக்கி ஏறும். சரியாகப் பிரித்து வைத்த போர்ட்ஃபோலியோவும் விழும். அந்த ஆபத்துக்குத் துறைப் பிரிப்பில் மருந்து இல்லை. பங்குச் சந்தைக்கு வெளியே வைப்பு நிதியிலோ அரசுப் பத்திரத்திலோ எவ்வளவு இருக்கிறது என்பதே அங்கே கணக்கு. அந்த வீழ்ச்சியிலிருந்து நிஃப்டி அதே ஆண்டு நவம்பரில் மீண்டுவிட்டது. டி.எச்.எஃப்.எல். பங்குக்கு அந்த வாய்ப்பு வரவில்லை. 2021-இல் நிறுவனம் திவால் நடைமுறையில் கைமாறியபோது, பழைய பங்குதாரர்களின் பங்கு மதிப்பு பூஜ்யமாக்கப்பட்டு, சந்தைப் பட்டியலிலிருந்தே அது நீக்கப்பட்டது.