‘15 நாளில் அனுப்புகிறேன்’ என்ற வாக்கு ஏன் தவறுகிறது?
வாழைநார் அனுப்பும் தேதியை மூன்று கணக்கில் சொல்லும் முறை

பல்லாவரத்தை அடுத்து அடையாற்றங்கரையில் இருக்கிறது அனகாபுத்தூர். இப்போது தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய ஊர். ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறிய மெட்ராஸ் கைக்குட்டைத் துணிக்குப் பெயர்பெற்ற நெசவாளர்கள் இங்கே இருந்தார்கள். அந்த வியாபாரம் ஓய்ந்த பிறகு, வாழைநார் முதலான இயற்கை நார்களைக் கொண்டு சேலை நெய்து இந்த ஊர் மறுபடியும் பெயர் வாங்கியது. பாவுக்குப் பருத்தியோ பட்டோ போட்டு, ஊடைக்கு வாழைநாரை இழையாக முடிந்து நெய்வது இவர்கள் வழக்கம்.

தார் வெட்டிய பிறகு தோட்டத்தில் வீணாகும் வாழைமரத்துக்கு இதனால் ஒரு விலை கிடைக்கிறது. ஆனால் நார் அனுப்பும் விவசாயிக்கும் தறியில் உட்காரும் நெசவாளருக்கும் நடுவே மனக்கசப்பு வருவது பெரும்பாலும் விலையால் அல்ல, தேதியால்தான். பாவு ஏற்றிய தறி நார் வராமல் நின்றால் அன்றைய கூலி போச்சு. இரண்டு முறை அப்படி நடந்தால் நெசவாளர் அடுத்த ஆர்டரை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்.

வழக்கமான நாட்களைக் கூட்டினால் என்ன ஆகும்?

ஓர் உதாரணம் பார்ப்போம். திருச்சி மாவட்டம் தொட்டியம் பக்கம் உள்ள ஒரு விவசாயக் குழுவிடம் அனகாபுத்தூர் நெசவாளர் 60 கிலோ காய்ந்த நார் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மரத்துக்குச் சுமார் 100 கிராம் நார் என்று கணக்கிட்டால் 600 மரங்கள் வேண்டும். வேலை அக்டோபர் 10 அன்று தொடங்குகிறது.

“எப்போ அனுப்புவீங்கண்ணே?” என்று நெசவாளர் கேட்டதும் குழுத் தலைவர் மனதுக்குள் கூட்டிப் பார்க்கிறார். வியாபாரி தார் வெட்டி முடிக்க 5 நாள். வாடகை இயந்திரம் ஒரு நாளைக்கு 15 கிலோ நார் பிரித்தால் 4 நாள். அலசி, காயவைத்து, தரம் பிரித்துக் கட்ட 4 நாள். பார்சல் லாரியில் போய்ச் சேர 2 நாள். ஆக மொத்தம் 15 நாள். “25ஆம் தேதி உங்க கையில இருக்கும் தம்பி” என்று சொல்லிவிடுகிறார்.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் வழக்கமாக ஆகிற நாளைத்தான் சொன்னார். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தோட்ட வேலை முந்தினால் ஒன்றிரண்டு நாள்தான் முந்தும். பிந்தினால் ஒரு வாரம்கூடப் பிந்தும். விலை இறங்கினால் வியாபாரி தாரை மரத்திலேயே விட்டு வைப்பார். மோட்டார் காயில் எரிந்தால் கட்டிவர மூன்று நான்கு நாள் ஆகும். மழை பிடித்தால் நார் காயாது. தாமதம் ஒரு பக்கமே நீண்டு கிடக்கும்போது, வழக்கமான நாட்களை மட்டும் கூட்டினால் கிடைக்கும் தேதி எப்போதும் முன்கூட்டியே விழும்.

மூன்று கேள்விகள்

இதற்கு ஒரு பழைய வழி உண்டு. 1958இல் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக ‘பெர்ட்’ என்ற திட்டமிடும் முறையை உருவாக்கியது. அதுவரை யாரும் செய்யாத வேலைகளுக்கு ஒரே ஒரு நாள் கணக்குக் கேட்பதில் அர்த்தமில்லை என்பதால், ஒவ்வொரு வேலைக்கும் மூன்று கணக்குக் கேட்டார்கள். எல்லாம் கூடிவந்தால் எத்தனை நாள்? வழக்கமாக எத்தனை நாள்? தடங்கல் வந்தால் எத்தனை நாள்? அதே கேள்விகளை நம் குழு கேட்டுக்கொண்டால் இப்படி வரும்:

- தார் வெட்டு முடிய: 3 – 5 – 13 நாள்
- நார் பிரிக்க: 3 – 4 – 11 நாள்
- அலசி, காயவைத்து, கட்ட: 2 – 4 – 12 நாள்
- லாரியில் போய்ச் சேர: 1 – 2 – 3 நாள்

வழக்கமான நாளை 4ஆல் பெருக்கி, அதோடு குறைந்த நாளையும் அதிக நாளையும் கூட்டி, மொத்தத்தை 6ஆல் வகுக்க வேண்டும். அடிக்கடி நடப்பது வழக்கமான நாள் என்பதால் அதற்கு மட்டும் நான்கு பங்கு மதிப்பு. தார் வெட்டுக்கு 3 + 20 + 13 = 36; 6ஆல் வகுத்தால் 6 நாள். இதேபோல நார் பிரிக்க 5, காயவைத்துக் கட்ட 5, லாரிக்கு 2. மொத்தம் 18 நாள், அதாவது அக்டோபர் 28.

15க்கும் 18க்கும் உள்ள இந்த மூன்று நாள் வித்தியாசம்தான், தலைவர் வாயிலிருந்து வந்த தேதியில் விடுபட்டது. ஆனாலும் 28ஆம் தேதியும் வாக்குக் கொடுக்கிற தேதி அல்ல. அது நடுத்தேதி. ஏறக்குறைய பாதி தடவை அதற்கு முன்பே நார் போய்ச் சேரும். பாதி தடவை பிந்தும்.

வாக்குக் கொடுக்கும் தேதி எது?

அதற்கு ‘விலகல்’ தெரிய வேண்டும். அதிக நாளிலிருந்து குறைந்த நாளைக் கழித்து 6ஆல் வகுத்தால் அந்த வேலையின் விலகல் கிடைக்கும். தார் வெட்டுக்கு 10ஐ 6ஆல் வகுக்க 1.67. மற்றவை வரிசையாக 1.33, 1.67, 0.33. ஒரு வேலையின் தாமதத்துக்கும் இன்னொன்றின் தாமதத்துக்கும் தொடர்பு இல்லை என்றால், இவற்றை அப்படியே கூட்டக்கூடாது. நான்கும் ஒரே சமயத்தில் கெட்டுப்போவது அரிது; ஒன்று பிந்தினால் இன்னொன்று முந்தி ஈடுகட்டும். அதனால் ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கி, நான்கையும் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கைபேசிக் கால்குலேட்டரே போதும். சுமார் 2.7 நாள் வரும்.

பத்துக்கு ஒன்பது தடவை காப்பாற்றக்கூடிய தேதி வேண்டுமென்றால், விலகலை 1.3ஆல் பெருக்கி நடுநாளோடு கூட்ட வேண்டும். 2.7 × 1.3 = 3.5, 18ஓடு சேர்த்து 21.5, அதாவது 22 நாள். நவம்பர் 1.

இதே கணக்கில், முதலில் சொன்ன 15 நாள் வாக்கு எத்தனை தடவை பலிக்கும் தெரியுமா? ஏழு தடவைக்கு ஒரு தடவைதான். வேலையில் யாரும் சோம்பல் காட்டாமலேயே ஆறு தடவை பெயர் கெடும்.

ஐப்பசி மழைக்கு வேறு கணக்கு

மேலே சொன்னது, தாமதங்களுக்குள் தொடர்பு இல்லாத காலத்துக்குப் பொருந்தும். அக்டோபர் பின்பாதியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நிலைமை மாறும். ஒரே மழை வயலைச் சேறாக்கித் தார் வெட்டைத் தள்ளும், மின்சாரத்தை நிறுத்தும், நாரைக் காயவிடாது, லாரியையும் தாமதப்படுத்தும். ஒன்றின் தாமதத்தை இன்னொன்று ஈடுகட்டும் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை.

அப்படிப்பட்ட காலத்தில் நான்கு விலகல்களையும் நேராகவே கூட்டுவது பத்திரம். 1.67 + 1.33 + 1.67 + 0.33 = 5 நாள். 1.3ஆல் பெருக்கினால் 6.5. நடுநாள் 18ஓடு சேர்த்தால் 24.5, அதாவது 25 நாள். நவம்பர் 4.

ஆக, தலைவர் சொல்ல வேண்டிய பதில் இது: “28ஆம் தேதி வாக்கில எதிர்பாருங்க தம்பி. மழை பிடிச்சா நவம்பர் 4 வரைக்கும் போகலாம். அதுக்கு மேல போகாதுன்னு பத்துக்கு ஒன்பது பங்கு சொல்லலாம்.” இதைக் கேட்ட நெசவாளருக்கு வேலை தெளிவாகிறது. நவம்பர் 4 வரை அந்தத் தறியில் பருத்தி ஊடை ஓட்டலாம். சேலை கேட்டவருக்கு நவம்பர் 4ஐ வைத்தே தேதி சொல்லலாம். நார் முன்னதாக வந்தால் நட்டம் இல்லை, கட்டி உயரத்தில் வைத்துக்கொள்ளலாம்.

எங்கே தவறு நேரும்?

முதல் தவறு, தடங்கல் கணக்கைக் குறைத்துச் சொல்வது. “அதிகம் போனா 7 நாள்” என்று யாராவது சொன்னால், “இதுவரை எத்தனை தடவை அதையும் தாண்டியது?” என்று கேட்க வேண்டும். இரண்டு மூன்று தடவை நினைவுக்கு வந்தால் அந்த 7 போதாது. அதே சமயம் 2015 டிசம்பரில் அடையாறு பெருகி அனகாபுத்தூர் மூழ்கியது போன்ற பேரிடரை இந்தக் கணக்கில் அடைக்க முடியாது. அப்படி நடந்தால் தேதி செல்லாது என்று முன்பே பேசி வைத்துக்கொள்வதுதான் முறை.

இரண்டாவது தவறு, ஒரே நேரத்தில் நடக்கும் வேலைகளையும் கூட்டிவிடுவது. மேலே உள்ள உதாரணத்தில் எல்லாத் தாரும் வெட்டிய பிறகே இயந்திரம் வருகிறது. தார் வெட்டிய மரத்தை அதுவரை சாய்க்காமல் நிறுத்தி வைத்து, அன்றன்று பிரிக்கப்போகும் 150 மரத்தை மட்டும் அன்று சாய்க்கிறார்கள். சாய்த்துப் போட்ட மட்டை நாள்பட்டால் நார் நிறம் மங்கும். அதனால் வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முதல் நாள் பிரித்த நார் காயும்போதே இரண்டாம் நாள் நாரைப் பிரிப்பதாக இருந்தால், காயவைக்கும் கணக்கில் கடைசி நாள் நாருக்கு ஆகும் நாட்களை மட்டுமே சேர்க்க வேண்டும்.

மூன்றாவது தவறு, ஒருமுறை சொன்ன தேதியை அப்படியே விட்டுவிடுவது. தார் வெட்டு 6 நாளுக்குப் பதில் 8 நாளில் முடிந்தது என்று கொள்வோம். மீதி மூன்று வேலைக்கு நடுநாள் 12. ஆக நடுத்தேதி அக்டோபர் 30க்கு நகர்கிறது. மீதி விலகல் 3.33 மட்டுமே, 1.3ஆல் பெருக்கினால் 4.3 நாள். 20ஓடு கூட்டினால் 24.3, அதாவது அதே நவம்பர் 4. நடுத்தேதி இரண்டு நாள் தள்ளிப்போயும் வாக்குத் தேதி அசையவில்லை. இதை அன்றே போனில் சொல்லிவிட்டால் நெசவாளர் கடைசி நாள் வரை பதறிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

நோட்டுப் புத்தகம்தான் சாட்சி

மூன்று கணக்கும் முதலில் அனுபவத்தை வைத்துச் சொல்வதுதான். அது சரியா என்பதை ஒரு நோட்டு சொல்லிவிடும். ஒவ்வொரு சரக்குக்கும் தொடங்கிய நாள், நான்கு வேலைகளும் முடிந்த நாட்கள், சொன்ன நடுத்தேதி, வாக்குத் தேதி, போய்ச் சேர்ந்த தேதி ஆகியவற்றை எழுதி வர வேண்டும். பத்துச் சரக்கு ஆனதும் எண்ணிப் பார்க்கலாம். எட்டு ஒன்பது சரக்கு வாக்குத் தேதிக்குள் போயிருந்தால் கணக்குச் சரி. ஐந்தாறுதான் போயிருந்தால் தடங்கல் நாட்களைக் கூட்ட வேண்டும். பத்தும் வெகு முன்னதாகவே போயிருந்தால் தேவைக்கு மேல் தள்ளிச் சொல்கிறோம் என்று பொருள். அப்போது நெசவாளர் வேறு இடம் தேடுவார். எந்த வேலை அதிகம் இழுக்கிறது என்பதும் அதே நோட்டில் தெரியும். காயவைப்பதுதான் என்றால், ஒரு கூரைக் கொட்டகை போட்டு அந்த 12ஐ 7 ஆக்கலாம். அதன்பிறகு வாக்குத் தேதியும் தானாக முன்னே வரும்.