மாவு பாக்கெட்டில் இரண்டு ரூபாய்

இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஒருவரிடம் வியாபாரம் எப்படிப் போகிறது என்று கேளுங்கள். 'தினம் இருநூறு கிலோ ஓடுது' என்பதுதான் முதல் பதிலாக வரும். அடுத்து வாடகை ஏறிவிட்டதைச் சொல்வார். இரண்டும் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்கள், அதனால் கவலையும் அங்கேயே குவிகிறது. ஆனால் மாதக் கடைசியில் கையில் நிற்கிற லாபத்தை அதிகமாக ஆட்டிவைப்பவை வேறு இரண்டு.

விற்கும் விலை, ஒவ்வொரு கிலோவுக்கும் ஆகிற செலவு, விற்பனை அளவு, விற்றாலும் விற்காவிட்டாலும் மாதாமாதம் ஆகிற செலவு என்று லாபத்தைத் தீர்மானிப்பவை நான்கு. இவற்றில் மூன்றை அப்படியே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் கொஞ்சம் நகர்த்தி, லாபம் எவ்வளவு நகர்கிறது என்று பார்ப்பதற்கு லாப உணர்திறன் ஆய்வு என்று பெயர். பெரிய நிறுவனங்களில் சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ் என்பார்கள். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் ஒரு மாவு வியாபாரத்துக்கும் இதைப் போட்டுவிடலாம்.

கணக்கு எளிதாகப் புரிய முழு எண்களாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ பாக்கெட்டின் விலை ரூ.50. மாதம் 6,000 கிலோ விற்கிறது. ஒரு கிலோ மாவுக்கு அரிசி ரூ.15, உளுந்து ரூ.10, வெந்தயம், உப்பு, கரண்ட் எல்லாம் சேர்த்து ரூ.2, கவர் ரூ.1, வண்டி பெட்ரோல் ரூ.2, மளிகைக் கடைக்காரருக்குக் கமிஷன் ரூ.5. ஆக, கிலோவுக்கு ரூ.35 செலவு. இதை மாறும் செலவு என்கிறோம், கிலோ கூடினால் இதுவும் கூடும். மீதி ரூ.15தான் கையில் நிற்கும். 6,000 கிலோவுக்கு ரூ.90,000. இதிலிருந்து வாடகை, மாதச் சம்பள ஆட்கள், கிரைண்டர் பராமரிப்பு, கடன் வட்டி என்று ரூ.60,000 நிலையான செலவாகப் போகிறது. லாபம் ரூ.30,000.

இனி ஒவ்வொன்றையும் 5 சதவீதம் நமக்குச் சாதகமாக நகர்த்துவோம். வாடகை, சம்பளம் அடங்கிய நிலையான செலவில் 5 சதவீதம் மிச்சம் பிடித்தால் ரூ.3,000 கிடைக்கும். லாபம் 10 சதவீதம் கூடுகிறது. விற்பனை 5 சதவீதம் ஏறினால் கூடுதலாக 300 கிலோ, கிலோவுக்கு ரூ.15 வீதம் ரூ.4,500. லாபம் 15 சதவீதம் கூடுகிறது. மாறும் செலவை 5 சதவீதம் குறைத்தால் கிலோவுக்கு ரூ.1.75 மிச்சம், மாதத்துக்கு ரூ.10,500. லாபம் 35 சதவீதம் கூடிவிடுகிறது. விலையை 5 சதவீதம், அதாவது ரூ.2.50 ஏற்றி, அதே 6,000 கிலோவும் விற்றால் ரூ.15,000. லாபம் பாதிக்குப் பாதி ஏறி ரூ.45,000 ஆகிறது.

அதே 5 சதவீதம்தான், ஆனால் பலன் 10-லிருந்து 50 வரை விரிகிறது. காரணத்தில் மர்மம் ஒன்றும் இல்லை. மாத விற்பனைத் தொகையான ரூ.3,00,000-ஐ லாபமான ரூ.30,000-ஆல் வகுத்தால் 10 வரும். விலை 1 சதவீதம் அசைந்தால் லாபம் 10 சதவீதம் அசையும் என்பது இதன் பொருள். மாறும் செலவின் மொத்தம் ரூ.2,10,000, அதை அப்படியே வகுத்தால் 7. விற்பனை அளவுக்குக் கையில் நிற்கும் ரூ.90,000-ஐ வகுக்க வேண்டும், 3 வரும். நிலையான செலவுக்கு 2. எந்தத் தொகை லாபத்தைவிட எத்தனை மடங்கு பெரியதோ, அத்தனை மடங்கு அது லாபத்தை ஆட்டும். லாபம் மெலிய மெலிய இந்த நான்கு எண்களும் பெருத்துக்கொண்டே போகும். லாபம் ரூ.15,000-க்கு இறங்கிவிட்ட கடையில் சின்ன விலைக் குறைப்பும் பெரிய அடியாக விழுவது இதனால்தான்.

இது மாவுக் கடைக்கு மட்டும் உரிய கணக்கும் அல்ல. மைக்கேல் மார்ன், ராபர்ட் ரோசியெல்லோ என்ற இருவர் 1992-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் 2,400-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் சராசரிக் கணக்கை வெளியிட்டார்கள். 1 சதவீத மாற்றத்துக்கு விலையால் லாபம் 11.1 சதவீதம் கூடும், மாறும் செலவால் 7.8, விற்பனை அளவால் 3.3, நிலையான செலவால் 2.3 என்பது அவர்கள் கண்டது. நம் மாவுக் கடையின் வரிசையும் அதுதான்.

எண்களைத் தலைகீழாகப் போட்டால் இன்னொன்றும் தெரியவரும். லாபம் முழுதாகக் கரைய ஒவ்வொன்றும் எவ்வளவு மோசமாக வேண்டும்? 100-ஐ அந்தந்த எண்ணால் வகுத்தால் போதும். நிலையான செலவு 50 சதவீதம் ஏறும்வரை கடை தாங்கும். விற்பனை மூன்றில் ஒரு பங்கு சரிந்து 4,000 கிலோவுக்கு வந்தால்தான் லாபம் பூஜ்யம். ஆனால் மாறும் செலவு 14 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல் ஏறி ரூ.40-ஐத் தொட்டாலே லாபம் போய்விடும். விலையோ 10 சதவீதம் இறங்கி ரூ.45 ஆனாலே போதும். பக்கத்துத் தெருவில் புதிதாக ஒருவர் ரூ.45-க்கு மாவு போட ஆரம்பித்ததும் பதறிப்போய் நாமும் ரூ.45 என்று அறிவிக்கிறோமே, அப்போது மாதம் முழுக்க அரைத்து, தூக்கி, வண்டி ஓட்டி, லாபம் இல்லாமல் நிற்கிறோம். பழைய ரூ.30,000 வேண்டுமானால் அந்த விலையில் 9,000 கிலோ விற்றாக வேண்டும், ஒன்றரை மடங்கு.

சரி, விலையை ஏற்றினால் ஆட்கள் போய்விட மாட்டார்களா? போவார்கள். எத்தனை பேர் போனால் நஷ்டம் என்பதுதான் கேள்வி. ரூ.52 வைத்தால் கையில் நிற்பது கிலோவுக்கு ரூ.17. பழைய ரூ.90,000 வர 5,294 கிலோ போதும். 12 சதவீதம் வாடிக்கையாளர்கள் விலகினால்கூட லாபம் பழைய இடத்தில்தான் இருக்கும். மாறாக ரூ.48 ஆக்கினால் 6,923 கிலோ விற்க வேண்டும், 15 சதவீதம் அதிகம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம் தெருவில் எது நடக்கக்கூடியது என்று யோசிப்பதுதான் விலை முடிவு. கணக்கு எல்லையைக் காட்டும், வாடிக்கையாளர் மனதைக் காட்டாது.

இங்கே ஒரு திருத்தம் அவசியம். மளிகைக் கடைக் கமிஷனை பாக்கெட்டுக்கு ரூ.5 என்று வைத்தோம். அது விலையில் 10 சதவீதம் என்ற பேச்சாக இருந்தால், ஏற்றிய ரூ.2.50-ல் 25 பைசா அவருக்குப் போய்விடும். நமக்கு ரூ.2.25தான். விலைக்கான எண் 10 அல்ல, 9. அதேபோல 'மாறும் செலவு' என்று மொத்தமாகப் பேசுவதும் பாதிக் கணக்குதான். உள்ளே இருக்கும் சரக்கை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். கவர் விலை 10 சதவீதம் ஏறினால் மாதம் ரூ.600, சமாளித்துவிடலாம். உளுந்து 10 சதவீதம் ஏறினால் ரூ.6,000, லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அரிசிக்கு இது ரூ.9,000. 2015-ல் பருப்பு விலைகள் எகிறியபோது துவரையோடு உளுந்தும் சேர்ந்தே ஏறியது. அப்படி ஓர் ஆண்டில் உளுந்து 50 சதவீதம் ஏறினால், விலையைத் தொடாத மாவுக்காரர் கிலோவுக்கு ரூ.5 இழந்து லாபமே இல்லாமல் போவார்.

இந்த ஆய்வில் பலரும் தவறவிடும் இடம் விற்பனை அளவு. விற்பனை 5 சதவீதம் குறைந்தால் லாபம் 15 சதவீதம் குறையும் என்று மேலே பார்த்தோம். விற்காத மாவை அரைக்கவே இல்லை என்ற அனுமானம் அதில் ஒளிந்திருக்கிறது. மாவு அப்படிப்பட்ட சரக்கு அல்ல. காலையில் 200 பாக்கெட் போடுகிறோம், 190 விற்கிறது, 10 பாக்கெட் புளித்து, கவர் உப்பித் திரும்பி வருகிறது. கடைக்காரர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக வாங்கிக்கொள்வார். திரும்பிய பாக்கெட்டுக்கு அரிசி, உளுந்து, கரண்ட், பெட்ரோல் எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. கமிஷன் ரூ.5 மட்டும் மிச்சம். ஆக, நாம் இழப்பது பாக்கெட்டுக்கு ரூ.15 அல்ல, ரூ.45. மாதம் 300 பாக்கெட்டுக்கு ரூ.13,500. லாபம் 15 சதவீதம் அல்ல, 45 சதவீதம் சரிந்து ரூ.16,500-க்கு வந்துவிடுகிறது.

விற்பனை எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. 'ஐந்து பர்சென்ட்தானே குறைஞ்சிருக்கு, லாபம் எங்கே போச்சு' என்று வாடகையைத் திட்டிக்கொண்டிருப்பார். கண்டுபிடிக்கும் வழி எளிது. போன மாதத்தைவிட விற்பனை எத்தனை சதவீதம் இறங்கியது, லாபம் எத்தனை சதவீதம் இறங்கியது என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். லாபத்தின் இறக்கம் ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தால் அது வெறும் விற்பனைக் குறைவு. அதற்கு மேல் தாவினால் திரும்பிய சரக்கோ, சரக்கு விலையோ, பேசாமல் கொடுத்த தள்ளுபடியோ உள்ளே இருக்கிறது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு படி உண்டு. விற்பனை 20 சதவீதம் ஏறி 7,200 கிலோ ஆனால் லாபம் ரூ.48,000 என்று இந்தக் கணக்கு சொல்லும். ஆனால் இருக்கிற கிரைண்டரும் ஆட்களும் 7,000 கிலோவோடு திணறிவிட்டால்? இன்னொரு ஆளுக்கு ரூ.14,000 சம்பளம் சேரும், லாபம் ரூ.34,000-தான். நிலையான செலவு ஓர் அளவுக்குள்தான் நிலையானது. அதனால் இந்த எண்களைச் சின்ன அசைவுகளுக்கு, 5 அல்லது 10 சதவீதத்துக்குள், நம்பலாம். அதைத் தாண்டினால் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

மாவு மட்டுமல்ல, பூ, பால், பேக்கரி என்று மறுநாளைக்கு நிற்காத எந்தச் சரக்கை விற்பவராக இருந்தாலும், இந்த மாதக் கணக்கு நோட்டில் 'திரும்பியது' என்று தனியாக ஒரு பத்தி போடுங்கள். அதை விற்பனைக் குறைவோடு சேர்க்காமல் தனியாகப் பெருக்கிப் பாருங்கள். இந்த மாவுக் கடையில் தினம் 10 பாக்கெட் குறைவாக அரைத்திருந்தால் மாதம் ரூ.9,000 மிஞ்சியிருக்கும். வீட்டு உரிமையாளரிடம் வாடகையைக் குறைக்கச் சொல்லி அவ்வளவு வாங்க முடியாது.