பத்து நிமிட சிகிச்சைக்கு ஏன் ஒரு வார விடுப்பு?

கண்ணாடியைக் கழற்றிவிட லேசர் சிகிச்சை செய்துகொள்ளப் போகிறேன், ஒரு வாரம் லீவு வேண்டும் என்று கேட்டால் பல அலுவலகங்களில் உடனே வரும் கேள்வி இது: “பத்து நிமிஷ வேலைதானே, மறுநாளே வந்துடலாமே?” சிகிச்சை பத்து நிமிடம் என்பது உண்மைதான். ஆனால் விடுப்பு சிகிச்சைக்கானது அல்ல. அதற்குப் பிறகு கண் தானாகச் செய்துகொள்ள வேண்டிய வேலைக்கானது. அது எத்தனை நாள் பிடிக்கும் என்பது எந்த முறையில் சிகிச்சை நடந்தது என்பதைப் பொறுத்தது.

முதலில் கருவியைப் பார்ப்போம். இதற்குப் பயன்படுவது எக்ஸைமர் லேசர். ஆர்கான், ஃபுளோரின் வாயுக்களிலிருந்து 193 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரை இது உமிழ்கிறது. இந்தக் கதிர் திசுவைச் சுட்டுப் பொசுக்குவதில்லை. மூலக்கூறுகளின் பிணைப்பை நேரடியாக உடைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் சுமார் கால் மைக்ரான் அளவுக்குத் திசுவை ஆவியாக்கிவிடுகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த லேசர் திசுவைக் கருக்காமல் வெட்டும் என்று கண்டறிந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வைன், சாமுவேல் ப்ளம் ஆகியோருடன் பணியாற்றிய அவர், 1981 நவம்பரில் விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்புத் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துவந்து இந்த லேசரை அதன்மேல் பாய்ச்சினார். வெட்டு சுத்தமாக விழுந்தது. சுற்றியிருந்த திசுவில் கருகல் இல்லை. சாதாரணப் பச்சை லேசர் பட்ட இடமோ கருகிப்போனது. கண்ணில் லேசர் வைக்க முடியும் என்ற துணிச்சல் இந்த வேறுபாட்டிலிருந்துதான் பிறந்தது.

லேசர் செதுக்குவது கண்ணின் முன்னால் தெளிவாக இருக்கும் கார்னியாவை. அதன் நடுப்பகுதியின் தடிமன் பெரும்பாலானவர்களுக்கு 540 மைக்ரானை ஒட்டி இருக்கும், அதாவது சுமார் அரை மில்லிமீட்டர். இதன் மேலே ஏறத்தாழ 50 மைக்ரான் தடிமனில் ஒரு மேல்தோல் உண்டு. இது கீறினாலும் வளர்ந்துவிடும். இதற்குக் கீழே இருக்கும் திசு, செதுக்கினால் செதுக்கியதுதான், திரும்ப வளராது. ஆகவே லேசர் கீழ்த்திசுவில்தான் வேலை செய்ய வேண்டும். அதை எட்ட இரண்டு முக்கிய வழிகள் உள்ளன.

ஒன்று லாசிக். மேற்புறத்தில் சுமார் 110 மைக்ரான் தடிமனுக்கு ஒரு மெல்லிய மடலை வெட்டி, ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி புத்தகப் பக்கம் போல மடித்து, கீழே லேசரைச் செலுத்தி, மடலைத் திரும்பப் போர்த்திவிடுவார்கள். தையல் இல்லை. மேல்தோல் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் மறுநாளே பார்வை தெளிந்துவிடும். மற்றொன்று பிஆர்கே. இதில் மடல் கிடையாது. மேல்தோலையே நீக்கிவிட்டு லேசர் செய்வார்கள், பிறகு காயத்தை மூட ஒரு காப்பு லென்ஸை வைப்பார்கள். மேல்தோல் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளர்ந்து மூட மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். முதல் இரண்டு மூன்று நாள் எரிச்சல், கண்ணீர், வெளிச்சக் கூச்சம் இருக்கும்.

பார்வைக் குறைபாடு மைனஸ் 5 உள்ள ஒரு கணக்காளரை எடுத்துக்கொள்வோம். அவர் கார்னியாவின் தடிமன் 480 மைக்ரான், சராசரியைவிடக் குறைவு. செதுக்க வேண்டிய ஆழத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு: சிகிச்சை வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து வர்க்கப்படுத்தி, பவரால் பெருக்கி, மூன்றால் வகுக்க வேண்டும். ஆறு மில்லிமீட்டர் வட்டத்துக்கு 36 × 5 ÷ 3, அதாவது 60 மைக்ரான். லாசிக் செய்தால் மடலுக்கு 110, லேசருக்கு 60 போக 310 மைக்ரான்தான் அடியில் தாங்கி நிற்கும். பிஆர்கேயில் மேல்தோல் மீண்டும் வளர்ந்துவிடுவதால் 420 மைக்ரான் மிஞ்சும். மெல்லிய கார்னியாவை அதிகம் பலவீனமாக்கக் கூடாது என்பதால் மருத்துவர் பிஆர்கேயைப் பரிந்துரைக்கிறார். அந்த ஒரு முடிவால் அவருக்குத் தேவையான விடுப்பு இரண்டு நாளிலிருந்து ஒரு வாரமாகிறது.

அவர் வெள்ளிக்கிழமை சிகிச்சை செய்துகொண்டால், சனிக்கிழமை மருத்துவர் கட்டாயம் பார்ப்பார். அந்த வார இறுதியில் வலி உச்சத்தில் இருக்கும். செவ்வாய் அல்லது புதன் அன்று, மேல்தோல் மூடிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் காப்பு லென்ஸை எடுப்பார்கள். இங்கே பலர் பயந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. மூன்றாம், நான்காம் நாளில் பார்வை முன்னைவிட மங்கலாகத் தோன்றலாம். எல்லாப் பக்கமிருந்தும் வளர்ந்த தோல் நடுவில் சந்திக்கும்போது சிறு மேடு உண்டாவதுதான் காரணம். அடுத்தடுத்த வாரங்களில் அது சமமாகும். கணக்காளர் அன்று எக்ஸெல் தாளைத் திறந்தால் 3, 8 ஆகத் தெரியலாம்.

சரி, திரையை ஏன் ஒதுக்க வேண்டும்? திரையின் வெளிச்சம் லேசர் செதுக்கியதைக் கெடுத்துவிடாது. பிரச்சினை இமைப்பதில் இருக்கிறது. சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் பதினைந்து முறை இமைக்கும் நாம், திரையைப் பார்க்கும்போது பாதிக்கும் கீழே குறைத்துவிடுகிறோம். கண்ணீர்ப் படலம் காய்கிறது. நல்ல கண்ணில் அது உறுத்தும், உடனே இமைப்போம். ஆனால் லேசர் சிகிச்சையில் கார்னியாவின் நுண்ணிய நரம்புகள் வெட்டுப்படுகின்றன. அவை மீள மாதக்கணக்காகும். அதுவரை காய்ந்ததைக் கண் சரியாக உணராது. மூடிக்கொண்டிருக்கும் தோலுக்கு ஈரம் மிக அவசியம். ஏசி அறையில் கணினி முன் உட்காருவது கண் காய்வதை இன்னும் மோசமாக்குகிறது. ஆகையால் பிஆர்கேக்குக் காப்பு லென்ஸ் எடுக்கும்வரையும், லாசிக்குக் குறைந்தது ஒன்றிரண்டு நாளும் திரையை விலக்குவது நல்லது.

விடுப்புக் கடிதத்தில் இவ்வளவையும் விளக்க வேண்டியதில்லை. தேதி, திரும்பியபின் உள்ள வரம்பு, பொறுப்பை ஏற்பவர் ஆகிய மூன்றும் இருந்தால் போதும்:

“வணக்கம் சார். வரும் 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை எனக்குக் கண் லேசர் சிகிச்சை. கண் ஆறும்வரை திரையைப் பார்க்கக் கூடாது என்று மருத்துவர் கூறியிருப்பதால் 14, 17, 18, 19 ஆகிய நான்கு வேலை நாட்கள் மருத்துவ விடுப்பு கோருகிறேன். 20, 21 தேதிகளில் அரை நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வேண்டும். விடுப்பு நாட்களில் மின்னஞ்சல் பார்க்க இயலாது, அவசரமென்றால் தொலைபேசியில் அழைக்கலாம். மாதாந்திரப் பட்டியலை 13ஆம் தேதிக்குள் முடித்துப் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒப்படைத்துவிடுகிறேன். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன்.”

கடிதத்தை எழுதும் முன் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள், கண் தன் இயல்பான வடிவத்துக்குத் திரும்புவதற்காக, பரிசோதனைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும். கடினவகை லென்ஸ் என்றால் இன்னும் முன்பே. அந்த வாரங்களில் கண்ணாடியோடுதான் அலுவலகம் போக வேண்டியிருக்கும்.

திரும்பி வரும் நாளையும் நாட்காட்டி மட்டும் தீர்மானிக்கக் கூடாது. வலி குறைந்துகொண்டே வர வேண்டும். இரண்டாம் நாளுக்குப் பிறகு அது ஏறினால், கண் மேலும் சிவந்தால், சீழ் போல வழிந்தால், அதுவரை தெளிந்துகொண்டிருந்த பார்வை திடீரென்று இறங்கினால் அது தொற்றாகவோ அழற்சியாகவோ இருக்கலாம். லாசிக் செய்தவர் கண்ணைக் கசக்கிவிட்டால் மடல் நகர்ந்திருக்கவும் கூடும். இவை எதுவும் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்கும் விஷயங்கள் அல்ல. அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும், விடுப்பையும் நீட்டிக் கேட்க வேண்டும். அதற்காகவே முதல் கடிதத்தில், “மருத்துவரின் அறிவுரைப்படி ஓரிரு நாள் கூடலாம்” என்று ஒரு வரி சேர்த்துவிடுவது நல்லது.