கேட்ட நாளில், கேட்ட அளவில்

ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு சூப்பர் மார்க்கெட் ஒன்று ஆர்டர் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 10-க்குள் 500 பெட்டி வேண்டும். 9-ஆம் தேதி குடோனிலிருந்து 480 பெட்டி கிளம்புகிறது. லாரி போய்ச் சேர்வது 11-ஆம் தேதி. மீதி 20 பெட்டி 12-ஆம் தேதி சேர்கிறது. ஒரு நாள் முன்னதாகவே 96 சதவீதம் சரக்கை அனுப்பிவிட்டோம் என்பது குடோனின் கணக்கு. ஆனால் 10-ஆம் தேதி கடையில் ஒரு பெட்டிகூட இல்லை.

‘ஆன் டைம் இன் ஃபுல்’, சுருக்கமாக ஓடிஃப், கடைக்காரர் பக்கம் நின்று கணக்குப் பார்க்கிறது. கேட்ட நாளுக்குள் கேட்டது முழுதும் சேர்ந்தால் 1, இல்லாவிட்டால் 0. நம் ஆர்டருக்கு 0. வால்மார்ட் 2017 முதல் அமெரிக்காவில் இந்த அளவுகோலை வைத்துத்தான் சப்ளையர்களுக்கு அபராதம் விதிக்கிறது.

இந்தக் கணக்குக்கு வேண்டிய தகவல் ஈஆர்பி மென்பொருளிலேயே இருக்கிறது. எஸ்.ஏ.பி.யில் கடைக்காரர் கேட்ட தேதி `VBAK-VDATU`, கேட்ட அளவு `VBAP-KWMENG`. அனுப்பிய அளவு `LIPS-LFIMG`, சரக்கு கிடைத்ததாக வாடிக்கையாளர் உறுதி செய்த தேதி `LIKP-PODAT`. ஆர்டரையும் டெலிவரியையும் `LIPS-VGBEL`, `LIPS-VGPOS` இணைக்கின்றன. ஆர்டரின் ஒவ்வொரு வரிக்கும், கேட்ட தேதிக்குள் சேர்ந்த அளவை மட்டும் கூட்ட வேண்டும். அது கேட்ட அளவை எட்டினால் அந்த வரி தேறியது. எல்லா வரியும் தேறினால்தான் ஆர்டர் தேறும்.

பிசகுவது பெரும்பாலும் தேதியில்தான். `LIKP-WADAT_IST` என்பது சரக்கு குடோனை விட்டுக் கிளம்பிய தேதி. அதை எடுத்தால் தாமதமான லாரி கண்ணில் படாது. `PODAT` நிரப்பப்படாமல் இருந்தால் அதில் `00000000` என்றிருக்கும். அது எந்தத் தேதியையும்விடச் சிறியது என்பதால், வந்து சேராத சரக்கும் நேரத்துக்கு வந்ததாகிவிடும். அத்தகைய வரிகளை முதலிலேயே பிரித்தெடுக்க வேண்டும். சரக்கு இல்லையென்று யாரோ ஆர்டரை 480 ஆகத் திருத்தியிருந்தால் குறையும் மறைந்துவிடும். பழைய மதிப்பை `CDHDR`, `CDPOS` ஆகிய மாற்றப் பதிவுகளில் பார்க்கலாம்.

‘பர்ஃபெக்ட் ஆர்டர் ரேட்’ இன்னும் கண்டிப்பானது. நேரம், அளவு இரண்டோடு, சரக்கு சேதமில்லாமலும் பில் பிழையில்லாமலும் இருக்க வேண்டும். சேதத்தையும் பில் பிழையையும் ரிட்டர்ன், கிரெடிட் நோட் பதிவுகளிலிருந்து எடுக்கலாம். 100 ஆர்டர்களில் 5 தாமதம், 5 குறைவு, 5 சேதம், 5 பில் பிழை என்றால் நான்கு அளவுகளும் 95 சதவீதம். ஆனால் அவை வெவ்வேறு ஆர்டர்களில் நடந்திருந்தால் குறையில்லாதவை 80 மட்டுமே. சராசரி எடுத்தால் இது தெரியாது. ஆர்டர் ஆர்டராகத்தான் எண்ண வேண்டும்.

உங்கள் நிறுவனத்தில் ஓடிஃப் 98 சதவீதம் என்று அறிக்கை வந்தால், எந்தத் தேதியை எந்தத் தேதியோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.