11-ஆம் தேதிக்குள் வரவேண்டிய பட்டியல்

கோவையில் ஒரு சிறு உதிரிபாகப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். பில் போடுவது குடோனில், கையால்தான். குடோன் அண்ணன் விற்பனைப் பட்டியல் கொடுத்தால்தான் நான் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்ய முடியும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கெடு அடுத்த மாதம் 11-ஆம் தேதி. பட்டியலோ 10-ஆம் தேதி இரவுக்குத்தான் வரும்.

"அண்ணா, லிஸ்ட் என்னாச்சுங்க?" என்று தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். "நாளைக்குங்க" என்பார். ஒருநாள் குடோனுக்கே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். 49 பில்லில் 46 தயாராக இருந்தன. மீதி மூன்றில் வாங்கியவரின் ஜிஎஸ்டி எண் சரியில்லை. அந்த எண்ணுக்கு 15 இடங்கள். ஒரு பில்லில் 14 தான் இருந்தது. அரைகுறையாகக் கொடுக்கக் கூடாது என்று மொத்தத்தையும் நிறுத்தி வைத்திருந்தார். சோம்பல் என்று நினைத்தது என் தவறு.

அன்றிலிருந்து கேட்கும் விதத்தை மாற்றிக்கொண்டேன். 3-ஆம் தேதி, "இருக்கிறதை மட்டும் கொடுங்கண்ணா, விட்டுப்போனதை நான் பார்த்துக்கிறேன்" என்பேன். வந்ததைப் பதிந்துவிட்டு, அன்று மாலையே வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்புவேன்: "46 பில் வந்துடுச்சு, ரொம்ப நன்றிங்கண்ணா. 212, 219, 227 மட்டும்தான் பாக்கி. நாளைக்கு 4 மணிக்கு நானே வந்து வாங்கிக்கிறேனுங்க." பில் எண்ணைக் குறிப்பிட்டால் எதைத் தேடுவது என்று அவருக்குத் தெரிகிறது. நான்கு மணி என்று சொன்னால் நான்கு மணிக்குப் போய் நிற்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் அடுத்த நேரத்துக்கு மதிப்பில்லை. லாரியில் சரக்கு ஏற்றும் நேரத்தில் மட்டும் போகமாட்டேன்.

அபராதத்தைச் சொல்லி அவரை அவசரப்படுத்தியதில்லை. வாடிக்கையாளரைப் பற்றிச் சொன்னேன். ஒரு லட்ச ரூபாய் பில்லுக்கு 18 சதவீத வரி என்றால் 18,000 ரூபாய். நாங்கள் அந்தப் பில்லைக் காட்டாவிட்டால், 14-ஆம் தேதி அவர்களுக்கு வரும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் அது இருக்காது. அந்த வரியை அந்த மாதம் அவர்களால் கழித்துக்கொள்ள முடியாது. உடனே எங்களுக்கு வரவேண்டிய பணத்தை நிறுத்திவைப்பார்கள். ஏச்சு வாங்குவது சரக்கு அனுப்பிய அண்ணன்தான். அது அவருக்கு என்னைவிட நன்றாகப் புரிந்தது.

இத்தனைக்குப் பிறகும் 9-ஆம் தேதி வரை பாக்கி நின்றால் மேலாளரிடம் போயாக வேண்டும். அதையும் முதலில் அவரிடமே சொல்வேன்: "அண்ணா, மதியத்துக்குள்ள கிடைக்கலைன்னா சார்கிட்ட சொல்ல வேண்டியிருக்குங்க. உங்களுக்கு ஒரு ஆள் உதவிக்குக் கேக்கட்டுமா?" ஒரு மாதம் அப்படித்தான் கேட்டேன். இரண்டு நாளைக்கு ஒரு பையனை அனுப்பினார்கள். பட்டியல் 10-ஆம் தேதி காலையில் என் மேசைக்கு வந்தது.